தார்தனெல்ஸ், 18 மார்ச் 1915: கண்ணிவெடியைக் காத்த பீரங்கிகள்

1915 மார்ச் 18 அன்று பிரிட்டனும் பிரான்சும் 18 பெரிய போர்க்கப்பல்களைத் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் ஏவின. இலக்கு உஸ்மானியப் பேரரசின் தலைநகர் இஸ்தான்புல். இரவு விழும்போது அவற்றில் மூன்று பறிபோயிருந்தன. வேறு மூன்று, நீண்ட நாள் பழுதுபார்க்காமல் போருக்கு உதவாது என்ற நிலையில் இருந்தன. கரையிலிருந்த உஸ்மானியப் பீரங்கிகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் செய்த பழைய வகை. தாக்கிய கப்பல்களின் பீரங்கிகள் அவற்றைவிடத் தொலைவாகவும் துல்லியமாகவும் சுடக்கூடியவை.

இன்னொரு விஷயமும் உண்டு. அன்று மூழ்கிய மூன்று கப்பல்களுக்கும் முடிவு கட்டியது நீருக்கடியில் இருந்த கண்ணிவெடிதான். கோட்டைக் குண்டு மட்டும் எந்தப் பெரிய கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. அப்படியானால் அந்தக் கோட்டைகளும் கரைப் பீரங்கிகளும் என்னதான் செய்தன? இந்த நிகழ்வை அலசும்போது பலரும் தாவிப் போகும் கேள்வி இது. என் பார்வையில் வெற்றியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

இடம்

தார்தனெல்ஸ், ஏஜியன் கடலையும் மார்மரா கடலையும் இணைக்கும் நீர்ப்பாதை. நீளம் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாயில் சுமார் 4 கிலோமீட்டர் அகலம். உள்ளே போனால் வலப்பக்கம், ஆசியக் கரையில், எரென்கோய் விரிகுடா இருக்கிறது. அங்கே நீர்ப்பரப்பு நன்றாக விரிகிறது. அதைத் தாண்டினால் மறுபடி குறுகி, சானக்கலே ஊருக்கும் எதிர்க்கரையில் இருக்கும் கிலித்பாகிருக்கும் இடையே ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் இரு கரையிலும் எதிரெதிரே கோட்டை கட்டியது இந்த இடத்தில்தான்.

மேல்மட்ட நீர் எப்போதும் மார்மராவிலிருந்து ஏஜியனை நோக்கி ஓடுகிறது. வேகம் இடத்துக்கு இடம் 2 முதல் 4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 4 முதல் 7 கிலோமீட்டர். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பின்னால் வரும் கதையில் இந்த நீரோட்டம் ஒரு பீரங்கித் தொகுதிக்குச் சமமான வேலை செய்தது.

கோட்டைகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1807-இல் ஒரு பாடம் கிடைத்திருந்தது. பிரிட்டிஷ் தளபதி டக்வொர்த், பாய்மரக் கப்பல்களோடு காற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டைகளைக் கடந்து மார்மராவுக்குள் போய்விட்டார். திரும்பும் வழியில் பெரிய கல் குண்டுகள் அவர் கப்பல்களைப் பதம்பார்த்தன. ஆனாலும் வெளியே வந்துவிட்டார். ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலைக் கரைப் பீரங்கியால் காயப்படுத்த முடியும், தடுத்து நிறுத்துவது கடினம். நிறுத்த வேண்டுமானால் தண்ணீரிலேயே ஒரு தடை வேண்டும்.

தடையும் அதன் காவலும்

1914 நவம்பர் 3 அன்று, முறையான போர்ப் பிரகடனத்துக்கும் முன்பே, பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் வாயில் கோட்டைகள் மீது சிறிது நேரம் குண்டு வீசின. செத்துல்பாகிர் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. இந்த அதிர்ஷ்ட அடி இரண்டு விளைவுகளை உண்டாக்கியது. கோட்டைகளைக் கப்பல் பீரங்கியால் சுலபமாக நொறுக்கலாம் என்ற நம்பிக்கை லண்டனில் வளர்ந்தது. இனி இங்கேதான் வருவார்கள் என்று சானக்கலேயில் உறுதியாகிவிட்டது.

அடுத்த நான்கு மாதங்களில் கோட்டைப் பகுதியின் தளபதி ஜெவாத் பாஷாவும், உதவிக்கு வந்த ஜெர்மன் அட்மிரல் ஊஸெடோமின் குழுவும் பாதுகாப்பைத் திருத்தி அமைத்தார்கள். மையமாக நின்றது கண்ணிவெடி. கெபெஸ் முனையிலிருந்து ஒடுங்கிய பகுதி வரை, நீரிணைக்குக் குறுக்காக 10 வரிசைகள்; மொத்தம் சுமார் 400 கண்ணிவெடிகள். ஒவ்வொன்றும் கீழே நங்கூரக் கனத்தோடு கம்பிவடத்தால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே மிதந்து நின்றது.

கண்ணிவெடிக்கு ஒரு பலவீனம் உண்டு. யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் அதை அள்ளிவிடலாம். இரண்டு படகுகள் இடையே இரும்புக் கம்பியை நீருக்கடியில் இழுத்துக்கொண்டு போனால் கண்ணிவெடியின் வடம் அறுந்துவிடும். வெடி மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைக்கலாம் அல்லது மூழ்கடிக்கலாம். பொறுமையும் அமைதியும் இருந்தால் போதும். கரைப் பீரங்கிகளின் உண்மையான வேலை அந்த அமைதியைக் கெடுப்பது. முள்வேலியை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் மாதிரி.

அதற்காக மூன்று வகைப் பீரங்கிகள் இருந்தன. ஒடுங்கிய பகுதியின் பெரிய கோட்டைகளில் 24 செ.மீ., 35.5 செ.மீ. வாய் அகலமுள்ள கனரகப் பீரங்கிகள்; இவை போர்க்கப்பல்களுக்கு. கண்ணிவெடி வரிசைகளை ஒட்டி இரு கரையிலும் சிறிய, வேகமாகச் சுடும் பீரங்கிகள், கூடவே தேடுவிளக்குகள். இவை கண்ணிவெடி அள்ள வரும் படகுகளுக்கு. மூன்றாவதாக, குன்றுகளுக்குப் பின்னால் மறைந்திருந்து குண்டை மேலே எறிந்து விழச்செய்யும் ஹோவிட்சர்கள். குதிரையும் எருதும் பூட்டி இவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றலாம். கையில் இருந்ததையெல்லாம் பயன்படுத்தினார்கள்: டிசம்பரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி பி11 மூழ்கடித்த மெசூதியே என்ற பழைய போர்க்கப்பலின் பீரங்கிகளைக்கூடக் கழற்றிக் கரையில் ஏற்றி ஒரு தொகுதி அமைத்தார்கள்.

வெளிக் கோட்டைகள் விழுந்தன, அப்புறம் தேக்கம்

பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் அட்மிரல் கார்டன் தாக்குதலைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது: வாயில் கோட்டைகள், கண்ணிவெடி, உள் கோட்டைகள் என்று ஒவ்வோர் அடுக்காக உரித்துக்கொண்டே போவது. வானிலை கெட்டதால் இடைவெளி விட்டு, 25-ஆம் தேதி வாயில் கோட்டைகளின் வாயை அடைத்தார்கள். பிறகு கரையிறங்கிய சிறு படைகள் போய்ப் பார்த்தபோது ஒரு உண்மை தெரிந்தது. சுடுவதை நிறுத்தியிருந்த பீரங்கிகளில் பல உடையவே இல்லை. ஆட்கள்தான் போயிருந்தார்கள். வெடிமருந்து வைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது.

இது ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் ஹோவிட்சர்கள் பெல்ஜியத்தின் லியேஜ், நாமூர் கோட்டைகளைத் தூளாக்கியிருந்தன. தரையில் ஹோவிட்சர் செய்ததைக் கடலில் கப்பல் பீரங்கி செய்யும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பு. ஹோவிட்சர் குண்டு செங்குத்தாக மேலிருந்து விழும். குறி தவறினால் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவார்கள். கப்பல் பீரங்கியின் குண்டு ஏறத்தாழ கிடையாகப் பறக்கும். மண் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பீரங்கியை நோக்கிச் சுட்டால் சற்று முன்னால் விழுந்து மண்ணைக் கிளறும், அல்லது தலைக்கு மேல் பறந்து பின்னால் விழும். ஒரு பீரங்கியை உண்மையிலேயே அழிக்க வேண்டுமானால் அந்தப் பீரங்கி மீதே விழ வேண்டும். சில மீட்டர் தள்ளி விழுந்தால் புழுதிதான். குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. கடல் விமானங்கள் இருந்தன. அலை இருந்தால் கிளம்பாது, கிளம்பினாலும் வானொலி வேலை செய்வது நிச்சயமில்லை.

ஆகவே "கோட்டை அடங்கியது" என்று கப்பலின் பதிவேட்டில் எழுதுவதும் கோட்டை அழிந்தது என்பதும் வேறு வேறு. பின்வாங்கிப் பதுங்கிய ஆட்கள் திரும்பி வந்து, குண்டு ஏற்றும் பின்பூட்டில் அடைந்த மண்ணைத் துடைத்துவிட்டு, மறுநாள் சுடலாம். சுட்டார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் கடற்படை நடு அடுக்குக்கு வந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. கண்ணிவெடி அள்ளக் கொண்டுவந்தவை வட கடலில் மீன்பிடித்த டிராலர்கள். ஆட்களும் பெரும்பாலும் மீனவர்கள். அள்ளும் கம்பியை இழுத்துக்கொண்டு போகும்போது அவற்றின் வேகம் நான்கைந்து நாட். எதிர் நீரோட்டத்தைக் கழித்தால் கரையைப் பொறுத்து அவை ஊர்ந்தன. போதாததற்கு அந்தப் படகுகள் நீரில் ஆழமாக அமிழ்ந்தவை. தேடி வந்த கண்ணிவெடியே அவற்றின் அடிவயிற்றைத் தொடலாம்.

இரவில்தான் போக முடியும். போனால் தேடுவிளக்கு பிடித்துக்கொள்ளும். இரு கரையிலிருந்தும் சிறு பீரங்கிகள் சுடும். விளக்கைச் சுட்டு அணைக்கப் போர்க்கப்பல்கள் முயன்றன. விளக்கு சில நிமிடம் அணையும், பிறகு மறுபடி எரியும். மார்ச் 10 இரவு ஒரு புது யோசனை: இருட்டில் கண்ணிவெடி வரிசைகளுக்கு மேலேயே நீரோட்டத்தை எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது நீரோட்டத்தோடு அள்ளிக்கொண்டு வருவது. யோசனை நல்லதுதான். ஆனால் குண்டு மழைக்கு நடுவே வேலை சரியாக நடக்கவில்லை, ஒரு டிராலர் கண்ணிவெடியில் போனது. 13-ஆம் தேதி இரவு மறுபடி முயன்றபோது, துணைக்குப் போன அமெதிஸ்ட் என்ற க்ரூசர் பலத்த அடி வாங்கியது; பல டிராலர்களில் கம்பி இழுக்கும் சக்கரங்கள் நொறுங்கிவிட்டன.

மீனவர்கள் கோழைகள் என்று அப்போது சில அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. கவசமில்லாத மீன்பிடிப் படகை நடக்கிற வேகத்தில், விளக்கு வெளிச்சத்தில், பீரங்கிகளுக்கு நடுவே ஓட்டச் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

இப்போது சிக்கல் முழு வடிவம் எடுத்தது. கண்ணிவெடி இருக்கும் வரை போர்க்கப்பல் நெருங்க முடியாது. நெருங்காமல் பீரங்கிகளை அழிக்க முடியாது. பீரங்கிகள் இருக்கும் வரை கண்ணிவெடியை அள்ள முடியாது.

நுஸ்ரத் போட்ட 26

மார்ச் 8 விடியலுக்கு முன், நுஸ்ரத் என்ற சிறிய கண்ணிவெடிக் கப்பல் விளக்கில்லாமல் கீழே இறங்கி வந்தது. எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. மற்ற வரிசைகளெல்லாம் குறுக்கே இருந்தன. இது மட்டும் கரைக்கு இணையாக நீளவாக்கில்.

காரணம் நேரடிக் கவனிப்பு. எதிரிக் கப்பல்கள் சுட்டு முடித்துத் திரும்பும்போது அகலமான எரென்கோய் விரிகுடாவுக்குள் வலப்பக்கம் ஒதுங்கி வளைவதைக் கரையிலிருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். வளைகிற இடத்திலேயே வைத்தார்கள். அடுத்த 10 நாட்களில் அந்த வரிசை கண்டுபிடிக்கப்படவில்லை. அந்தப் பகுதியில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையோடுதான் கடற்படை 18-ஆம் தேதி உள்ளே போனது.

அன்றைய நாள்

கார்டன் உடல்நலம் கெட்டு விலக, இரண்டு நாள் முன்புதான் டி ரோபெக் பொறுப்பேற்றிருந்தார். இம்முறை பகலில், முழுப் படையோடு: பெரிய கப்பல்கள் கோட்டைகளை அடக்கும், அடங்கிய நேரத்தில் டிராலர்கள் கண்ணிவெடியை அள்ளும்.

காலை பதினொன்றரையை ஒட்டி குயின் எலிசபெத் உள்ளிட்ட முதல் வரிசை சுமார் 13 கிலோமீட்டர் தூரத்திலிருந்து சுட ஆரம்பித்தது. அந்தத் தூரத்துக்கு உள் கோட்டைகளின் பெரும்பாலான பீரங்கிகள் எட்டாது. ஆனால் இரு கரைக் குன்றுகளிலிருந்து ஹோவிட்சர்கள் சுட்டன. அகமெம்னான் 25 நிமிடத்துக்குள் 12 அடி வாங்கியது. கவசத்தில் விழுந்தவை ஒன்றும் செய்யவில்லை; மற்றவை மேல்கட்டுகளைக் கிழித்தன. இன்ஃப்ளெக்ஸிபிளின் முன்மேடை தீப்பிடித்தது.

ஹோவிட்சரால் போர்க்கப்பலை மூழ்கடிக்க முடியாது என்பது சுட்டவர்களுக்கும் தெரியும். அவர்கள் பெற்ற லாபம் வேறு. நங்கூரமிட்டு நிலையாக நிற்கும் கப்பல்தான் தொலைதூரத்தில் துல்லியமாகச் சுடும். மேலிருந்து குண்டு விழுந்துகொண்டே இருந்தால் கப்பல் நிற்க முடியாது, நகர வேண்டும். நகர்ந்தால் குறி கெடும். ஹோவிட்சர்கள் எங்கிருக்கின்றன என்று கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. வெறும் புகை கக்கும் போலி பீரங்கிகளும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மீது உண்மையான குண்டுகள் நிறையவே வீணாயின.

நண்பகல் கழிந்ததும் கெப்ராத் தலைமையில் நான்கு பிரெஞ்சுக் கப்பல்கள் முதல் வரிசையைத் தாண்டி முன்னேறிச் சுமார் 9 கிலோமீட்டருக்கு வந்தன. இப்போது கோட்டைகளும் சுட முடிந்தது. கோலுவா நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய அடி வாங்கியது. கோட்டைகளிலும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது: தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, பின்பூட்டுகளில் மண் அடைத்தது. தார்தானோஸ் தொகுதியில் ஹசன், மெவ்சூப் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தொகுதிக்கு அவர்கள் பெயரே வைக்கப்பட்டது. ஒன்றே முக்கால் மணி வாக்கில் கோட்டைகளின் சுடுதல் வெகுவாகத் தணிந்திருந்தது.

களைத்த பிரெஞ்சுக் கப்பல்களைப் பின்வாங்கச் சொல்லி டி ரோபெக் உத்தரவிட்டார். அவை வலப்பக்கம் எரென்கோய் விரிகுடாவுக்குள் வளைந்தன. இரண்டு மணிக்குச் சற்று முன் புவே கப்பலில் வெடிப்பு. இரண்டு நிமிடம் போல, அவ்வளவுதான், கவிழ்ந்து மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. குண்டு விழுந்து வெடிமருந்து அறை வெடித்திருக்கும் என்று பலர் நினைத்தார்கள். அந்த நினைப்பால் சண்டை அதே இடத்திலேயே தொடர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, நான்கைத் தாண்டியதும் இன்ஃப்ளெக்ஸிபிள் கண்ணிவெடியில் மோதியது. அடுத்த சில நிமிடங்களில் இர்ரெஸிஸ்டிபிள். அதை இழுத்துவர முடியுமா என்று பார்க்கப் போன ஓஷன் ஆறு மணியளவில் மோதியது. இர்ரெஸிஸ்டிபிளும் ஓஷனும் கைவிடப்பட்டு, இருளில் மூழ்கின. இன்ஃப்ளெக்ஸிபிள் தட்டுத்தடுமாறி டெனெடோஸ் தீவை அடைந்தது. கோலுவாவைக் கரைதட்ட வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஓஷனின் சுக்கான் குண்டடி பட்டுக் கெட்டிருந்தது. ரூமெலி மெஜிதியே தொகுதியில் தூக்கும் எந்திரம் உடைந்துபோக, சையித் என்ற பீரங்கி வீரர் 200 கிலோவுக்கு மேற்பட்ட குண்டுகளை முதுகில் சுமந்து ஏற்றியதாகவும், அந்தக் குண்டுதான் அது என்றும் துருக்கியில் சொல்வார்கள். பிறகு புகைப்படத்துக்காகத் தூக்கச் சொன்னபோது முடியாமல், மரத்தால் செய்த குண்டோடு படமெடுத்தார்கள் என்றும் கதை. எந்தக் குண்டு எதை அடித்தது என்று அந்தப் புகையில் யாரால் சொல்ல முடியும்? ஆனால் சுக்கான் கெட்ட கப்பல் கண்ணிவெடிப் பகுதியில் வட்டமடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதில் சந்தேகமில்லை.

டிராலர்கள்? மதியம் அனுப்பினார்கள். ஹோவிட்சர் குண்டுகள் விழ ஆரம்பித்ததும் திரும்பிவிட்டன. கெபெஸுக்கு மேலே இருந்த 10 வரிசைகளில் ஒன்றுகூட அன்று உடையவில்லை. கப்பல்களைக் கொன்ற 26-இல் சில மட்டும் வெடித்திருந்தன. முக்கியத் தடையைக் கடற்படை தொடக்கூட இல்லை.

இன்னொரு நாள் முயன்றிருந்தால்?

கரையில் இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. முற்றிலும் வீணான கனரகப் பீரங்கிகள் பத்தைத் தொடாது. ஆனால் கனரகப் பீரங்கிகளின் குண்டுக் கையிருப்பு குறைந்திருந்தது. மறுநாள் வந்திருந்தால் என்ன செய்திருப்போமோ என்று பின்னாளில் கோட்டைத் தரப்பிலேயே பேசியவர்கள் உண்டு. டி ரோபெக்கின் அலுவலர் குழுத் தலைவர் கீஸ், எதிரி தோற்றுப்போன நிலையில் இருந்தான், நாம்தான் விட்டுவிட்டோம் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. தீரப்போனது கனரகக் குண்டு. டிராலர்களைத் துரத்தியது ஹோவிட்சரும் சிறு பீரங்கியும். அவற்றுக்குக் குண்டுத் தட்டுப்பாடு அந்த அளவுக்கு இல்லை. பெரிய கோட்டைகள் எல்லாம் மௌனமாகியிருந்தாலும், அவற்றுக்குக் கீழே 10 வரிசைக் கண்ணிவெடி அப்படியே இருந்தது. அதை அள்ளப் போகும் படகு அதே பீரங்கிகளைத்தான் சந்தித்திருக்கும்.

கீஸ் தரப்பில் நியாயமான ஒரு புள்ளி உண்டு. குறை படகில்தான் என்று அவருக்குப் புரிந்திருந்தது. 18-க்குப் பிறகு மீனவர்களுக்குப் பதில் கடற்படை ஆட்களைப் போட்டார், டிஸ்ட்ராயர் கப்பல்களில் அள்ளும் கம்பியைப் பொருத்தினார். டிராலரைவிட அவை பல மடங்கு வேகம். எதிர் நீரோட்டத்தைப் பொருட்படுத்தாமல் போகக்கூடியவை. ஓடும் கப்பலைச் சிறு பீரங்கியால் அடிப்பதும், ஊரும் படகை அடிப்பதும் ஒன்றல்ல. பாதுகாப்பு முழுக்க, அள்ளுகிறவன் மெதுவாகத்தான் வருவான் என்பதை நம்பி நின்றது. அந்த நம்பிக்கைக்கு எதிரான ஆயுதம் ஏப்ரல் தொடக்கத்தில் தயாராகிவிட்டது.

அதற்குள் முடிவு மாறிவிட்டது. மார்ச் 22 அன்று, தரைப்படை இல்லாமல் முடியாது என்று டி ரோபெக் சொல்லிவிட்டார். ஏப்ரல் 25-இல் கலிபோலி தீபகற்பத்தில் படை இறங்கியது. குறிக்கோள்களில் ஒன்று, அதே பீரங்கிகளைப் பின்னாலிருந்து பிடிப்பது. அந்தத் தரைப்போர் 1916 ஜனவரியில் பின்வாங்கலில் முடிந்தது. நீர்மூழ்கிகள் மட்டும் கண்ணிவெடி வரிசைகளுக்கு அடியில் முங்கி மார்மராவுக்குள் போய்வந்தன. ஆஸ்திரேலியாவின் ஏஇ2 அப்படிக் கடந்தது படை இறங்கிய அதே ஏப்ரல் 25-இல். மேற்பரப்பில் டிஸ்ட்ராயர்களைக் கொண்டு அந்த 10 வரிசைகளை அள்ளிப் பார்க்கும் முயற்சி கடைசி வரை நடக்கவே இல்லை.